விலைவாசியை அடக்கிய வட்டி

1980 மார்ச்சில் அமெரிக்காவின் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியது. விலை இன்னும் ஏறும் என்று நம்பிய மக்கள் முந்திக்கொண்டு வாங்கினார்கள். தொழிலாளர்கள் கூடுதல் ஊதியம் கேட்டார்கள். அந்த எதிர்பார்ப்பே விலையை மேலும் ஏற்றியது.

மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்கர் பணப்புழக்கத்தை இறுக்கினார். வங்கிகள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் ஒருநாள் கடனின் வட்டி 1981 ஜூனில் 19 சதவீதத்தைத் தொட்டது. வீட்டுக்கடன் எட்டாக்கனியானது. வேலையின்றித் தவித்த கட்டுமானத் தொழில்காரர்கள் மரத்துண்டுகளை வோல்கருக்கே தபாலில் அனுப்பினார்கள்.

பொருளாதாரம் மந்தநிலையில் விழுந்தது. 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். மருந்தின் கசப்பை அதிகம் விழுங்கியவர்கள் வேலை இழந்தவர்களே.

வட்டி ஏறினால் பணவீக்கம் குறையும் என்று தேர்வில் எழுதுவோர், இந்தக் காலதாமதத்தையும் விலையையும் சேர்த்தே எழுத வேண்டும். 1983இல் பணவீக்கம் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.