எந்தக் கிருமி? உரைபெயர்ப்பாளரின் ஒரு பக்கக் குறிப்பு

மாணவர்களே, கிள்ளானில் ஒரு மண்டபத்தில் ஆய்வாளர் ஒருவர் டிங்கிக் காய்ச்சல் பற்றி மலாய் மொழியில் உரையாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் மட்டுமே புரிந்த பெரியவர்களுக்காக, அவர் பேசப் பேச நீங்கள் தமிழில் சொல்ல வேண்டும். அப்போது அகராதியைப் புரட்ட நேரம் இருக்காது. அதனால்தான் உரைபெயர்ப்பாளர்கள் பேச்சாளரின் ஸ்லைடுகளை முன்பே வாங்கி, ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொள்கிறார்கள்.

இன்றைய உரை வோல்பாக்கியா பற்றியது. இது பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா. ஏடிஸ் கொசுவின் உடலில் இது இருந்தால், டிங்கி வைரஸ் அங்கே எளிதில் பெருகாது. நம் மருத்துவ ஆய்வுக் கழகம் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கோலாலம்பூரைச் சுற்றியுள்ள சில இடங்களில் இத்தகைய கொசுக்களைப் பறக்கவிட்டது. அதன் முடிவுகள் 2019இல் வெளியாயின.

குறிப்பின் முதல் பகுதி சொற்கள். பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் நாம் வீட்டில் ‘கிருமி’ என்றுதான் சொல்கிறோம். மேடையிலும் அப்படியே சொன்னால், “கிருமி கிருமியைத் தடுக்கிறது” என்றாகிவிடும். எது எதைத் தடுக்கிறது என்று கேட்பவருக்குப் புரியாது. ஆகவே ‘கிருமி’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘பாக்டீரியா’, ‘வைரஸ்’ என்று தனித்தனியே எழுதுங்கள். உரை முடியும்வரை இவற்றை மாற்றாதீர்கள்.

இரண்டாவது பகுதி பெயர்கள். 1924இல் இந்தப் பாக்டீரியாவைப் பற்றி முதலில் எழுதிய இருவரில் ஒருவர் வோல்பாக். அவர் பெயரால்தான் பாக்டீரியா வோல்பாக்கியா ஆனது. இரண்டும் காதில் ஒன்றுபோல் ஒலிக்கும். எனவே ‘வோல்பாக் – மனிதர்’, ‘வோல்பாக்கியா – பாக்டீரியா’ என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் ‘ஐ.எம்.ஆர்.’ என்று மட்டும் இருந்தால், பக்கத்தில் ‘மருத்துவ ஆய்வுக் கழகம்’ என்று விரித்து எழுதுங்கள்.

மூன்றாவது பகுதி எண்கள். கொசு விட்ட இடங்களில், விடாத இடங்களோடு ஒப்பிடும்போது, டிங்கிச் சம்பவங்கள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன. மலாயில் இது ‘துருன் 40 பெராத்துஸ்’. நடுவில் ‘கெபாடா’ வந்தால், ‘40 விழுக்காடாகக் குறைந்தது’ என்று பொருள். 100 பேருக்கு வரவேண்டிய இடத்தில், முதலாவதன்படி 60 பேருக்கு நோய் வரும். இரண்டாவதன்படி 40 பேருக்குத்தான் வரும். ஒரு விகுதி தவறினால் 20 பேர் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள்! எனவே குறிப்பில் ‘100 → 60’ என்று எழுதுங்கள்.

கடைசிப் பகுதி உரையின் ஓட்டம். எந்த ஸ்லைடுக்குப் பின் எது வருகிறது, எங்கே காணொளி, எங்கே எண்கள் என்று வரிசையாக எழுதுங்கள். இப்பணியை இருவர் சுமார் 20 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிமாறிச் செய்வார்கள். எண்கள் நிறைந்த ஸ்லைடின் நடுவில் ஆள் மாறினால் எண் தவறும். அது முடிந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.

பேச்சாளர் கடைசி நேரத்தில் ஸ்லைடுகளை மாற்றக்கூடும். அப்போது உங்கள் வரிசை பயன்படாது. ஆனால் சொற்களும் பெயர்களும் அப்படியே உதவும். குறிப்பு சரியா என்று அறிய, அதை வைத்துக்கொண்டு உங்கள் பாட்டியிடம் வோல்பாக்கியாவை விளக்கிப் பாருங்கள். அவர் “எந்தக் கிருமி?” என்று கேட்டால், குறிப்பைத் திருத்த வேண்டும்.