கடைக் காசுக்கு எந்தக் கணக்கு?

பூவரசங்குளத்தில் மன்னார் வீதியோரம் ஒரு பலசரக்குக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 30,000 ரூபா கையில் புரளும். இரண்டு மூன்று நாள் காசைச் சேர்த்துக்கொண்டு கடைக்காரர் வவுனியா நகரத்துக்குப் போய் வங்கியில் போடுவார். இந்தக் காசை எந்தக் கணக்கில் போடுவது?

பலரும் வட்டியை வைத்து முடிவெடுக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காசு வரும் வழியைவிட அது வெளியே போகும் வழிதான் இதைத் தீர்மானிக்கிறது.

வட்டியைக் கணக்குப் பார்ப்போம். சேமிப்புக் கணக்கில் சராசரியாக 2 இலட்சம் கிடக்கிறது, வட்டி 3% என்றால் வருடத்துக்கு 6,000 ரூபா. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10% நிறுத்திவைத்தல் வரியாகப் பிடிக்கிறார்கள்; அதன்படி 600 ரூபா போய்விடும். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். ஆனால் சில சேமிப்புக் கணக்குகளில் ஒரு மாதத்தில் குறித்த தடவைக்கு மேல் காசு எடுத்தால் அந்த மாத வட்டியே கிடையாது. வாரம் இரண்டு தரம் சாமானுக்குக் காசு எடுப்பவருக்கு 6,000 என்பது கடதாசியில் மட்டும்தான்.

நடைமுறைக் கணக்கில் பெரும்பாலும் வட்டி இல்லை. காசோலைப் புத்தகத்துக்குக் கட்டணம், மீதி குறைந்தால் கட்டணம், சில வங்கிகளில் மாதக் கட்டணமும் உண்டு. திறக்கப் போனால் பிரதேச செயலகத்தில் எடுத்த வணிகப் பெயர்ப் பதிவையும் வரி இலக்கத்தையும் கேட்பார்கள். இவ்வளவுக்கும் அதை ஏன் திறக்க வேண்டும்? வானில் வரும் முகவர், "அண்ணை, அடுத்த வெள்ளிக்குச் செக் போடுங்கோ, காணும்" என்று சாமானை இறக்குகிறாரே, அந்த ஒரு வாரக் கடனுக்காகத்தான். அப்படிக் கடன் தரும் முகவர் எவரும் உங்களுக்கு இல்லையென்றால் நடைமுறைக் கணக்கு தேவையில்லை. கடைப் பெயருக்குக் குறுக்குக் கோடிட்ட காசோலை வாங்குபவர் மட்டும் விதிவிலக்கு. உங்கள் சொந்தப் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் அதை ஏற்கமாட்டார்கள்.

அபாயமும் அந்தச் செக்கில்தான். வெள்ளிக்கிழமைத் திகதியிட்டு 85,000 ரூபாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கணக்கில் இருப்பது 50,000. வாடிக்கையாளர் தந்த 40,000 ரூபா காசோலையை வெள்ளி காலை போட்டுவிட்டு நிம்மதியாக வருகிறீர்கள். வேறு வங்கிக் காசோலை தீர்ந்து காசாக அடுத்த வேலை நாளாகும், அதாவது திங்கள். உங்கள் செக் வெள்ளியே திரும்பிவிடும். அதற்கு அபராதம் பிடிப்பார்கள், முகவரிடமும் முகம் கெடும். காசில்லாமல் திரும்பிய செக் கொடுகடன் தகவல் பணியகத்தின், நாங்கள் 'கிறிப்' என்போமே, அறிக்கையிலும் ஏறலாம். பிறகு கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். போதிய காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி குற்றமும்கூட.

ஆகவே முகவருக்குச் செக் கொடுக்கும் கடைக்காரருக்கு என் யோசனை, ஒரே வங்கியில் இரண்டு கணக்கு. அன்றாடக் காசு சேமிப்பில் சேரட்டும். செக் திகதிக்கு முதல் நாள் அந்தத் தொகையை மட்டும் நடைமுறைக் கணக்குக்கு மாற்றுங்கள். வீட்டுக் காசு இரண்டிலும் கலக்காதிருக்கட்டும்.

ஒரே தடவையில் 10 இலட்சமோ அதற்கு மேலோ காசாகப் போட்டால் வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அப்படித்தான் சட்டம். அது தடையும் இல்லை, வரியும் இல்லை. அறிவிப்புக்குப் பயந்து தொகையைத் துண்டு துண்டாகப் போட்டால்தான் சந்தேகம் வரும். வைப்பு இயந்திரத்தில் போட்டால் துண்டைக் கணக்கில் தொகை ஏறும்வரை எறியாதீர்கள். வங்கி முறிந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரைதான். இரண்டு கணக்கையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

கணக்குத் திறக்க முன், கட்டண விபரத்தைத் தமிழில் எழுத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தெரியாத கழிவு ஒன்று கணக்கில் விழுந்தால் முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 இல் அழைக்கலாம். முத்திரையிட்ட அந்தப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.