கைமாறிய பங்கு, காத்திருக்கும் வரி

2023 ஜூலை 1 அன்று, வீட்டுக்கடன் நிறுவனமான ஹெச்.டி.எஃப்.சி., ஹெச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்தது. நிறுவனத்தின் 25 பங்குகளுக்கு வங்கியின் 42 பங்குகள் என்பது கணக்கு. அந்த மாதமே பழைய பங்குகள் டீமேட் கணக்குகளிலிருந்து மறைந்து, வங்கியின் பங்குகள் வந்து அமர்ந்தன. யாரும் எதையும் விற்கவில்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்து போய் இன்னொரு சொத்து வந்திருக்கிறது. அப்படியானால், விலையேற்றத்தால் வந்த லாபத்துக்கு அப்போதே வரி கட்ட வேண்டாமா?

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019-இல் அவர் அந்த நிறுவனத்தின் 1,000 பங்குகளை, ஒன்று 2,000 ரூபாய் வீதம் 20 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார். இணைப்பில் அவருக்கு 1,680 வங்கிப் பங்குகள் கிடைத்தன. ஒன்றின் விலை அன்று 1,650 ரூபாய் என்று வைத்தால், மொத்தம் 27,72,000. காகிதத்தில் லாபம் 7,72,000 ரூபாய். அப்போதைய நீண்டகால விகிதம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 10 சதவீதம். வரி 67,200 ரூபாய் வந்திருக்கும். கைக்கு ஒரு ரூபாய்கூட வராத நிலையில், அதைக் கட்ட அவர் கிடைத்த பங்கிலேயே கொஞ்சத்தை விற்றாக வேண்டும். நிறுவனங்கள் எடுத்த முடிவுக்குச் சிறு பங்குதாரர் இப்படித் தண்டம் கட்டுவது நியாயமே இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதைத்தான் தடுத்தது. இணையும் நிறுவனத்தின் பங்கைக் கொடுத்து, இணைத்துக்கொள்ளும் இந்திய நிறுவனத்தின் பங்கைப் பெறுவதை மூலதன ஆதாய வரிக்கு உரிய கைமாற்றமாகக் கொள்ளக் கூடாது என்றது அது. அதற்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே விதியைத் தொடர்கிறது.

இது வரித் தள்ளுபடி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. பழைய பங்கின் விலையே புதிய பங்கின் விலையாகக் கூடவே வருகிறது. நம் பங்குதாரரின் 20 லட்சத்தை 1,680-ஆல் வகுத்தால், ஒரு வங்கிப் பங்கின் அடக்க விலை சுமார் 1,190 ரூபாய். 2025 ஏப்ரலில் அவர் எல்லாவற்றையும் 1,800 ரூபாய்க்கு விற்றார் என்று கொள்வோம். கிடைப்பது 30,24,000, லாபம் 10,24,000. இணைப்பு நாளில் விடப்பட்ட 7,72,000-மும் இதற்குள்ளேயே இருக்கிறது. விலக்கான 1.25 லட்சம் போக, மீதிக்கு 12.5 சதவீதம்: 1,12,375 ரூபாய், மேல்வரிகள் தனி. வரி தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிரேஸ் காலிஸ் வழக்கின் மையமும் இதுதான். இணைப்பில் கிடைத்த பங்குகளைப் பின்னர் விற்றவர்கள், இணைப்பில் கைமாற்றமே நடக்கவில்லை, அதனால் பழைய விலை எங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். பழைய பங்கில் இருந்த உரிமை அழிவதும் கைமாற்றம்தான் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது. விலக்கை ஏற்றால் பழைய விலையையும் ஏற்க வேண்டும். எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது.

நடைமுறையில் தவறு நேர்வது இந்த அடக்க விலையில்தான். டீமேட் கணக்கில் சில சமயம் புதிய பங்கின் வாங்கிய விலை பூஜ்யம் என்றோ, பங்கு வந்து சேர்ந்த நாளின் சந்தை விலை என்றோ இருக்கும். பூஜ்யத்தை அப்படியே ரிட்டர்னில் எழுதினால் போட்ட 20 லட்சமும் லாபமாகிவிடும். சந்தை விலையை எழுதினால் 7,72,000 கணக்கிலிருந்து விடுபட்டு, நோட்டீஸ் வரலாம். தேதியும் அப்படியே. பழைய பங்கை வைத்திருந்த காலமும் சேரும் என்பதால் கணக்கு 2019-இலிருந்து தொடங்குகிறது. 2023 ஜூலை என்று போட்டிருந்து, சில மாதங்களில் விற்றிருந்தால், நீண்டகால லாபம் குறுகியகாலமாகத் தெரியும். பழைய கான்ட்ராக்ட் நோட்டைத் தேடி எடுத்து ஆடிட்டரிடம் கொடுப்பதுதான் வழி.

விலக்குக்கு எல்லைகளும் உண்டு. இணையும் நிறுவனத்தின் சொத்து, கடன் எல்லாமே மற்றதற்குப் போக வேண்டும். மதிப்பில் முக்கால் பங்காவது வைத்திருப்பவர்கள் புதிய நிறுவனத்தில் பங்குதாரராக வேண்டும். பங்குக்குப் பதில் பணம் வந்தால், அங்கே விலக்கு நிற்காது. 130 பங்கு வைத்திருந்தவருக்கு 218.4 பங்கு கணக்காகும், அந்த 0.4-க்குப் பணமாக வந்ததன் லாபம் வரிக்கு உரியது.

பெரிதும் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு நிறுவனம் இன்னொன்றை இணைக்காமல், அதன் பங்குதாரர்களிடமிருந்து பங்குகளை மட்டும் வாங்கி, விலையாகத் தன் பங்குகளைக் கொடுக்கலாம். அமெரிக்காவில் உரிய நிபந்தனைகள் நிறைவேறினால் இதற்கும் வரி தள்ளிப் போகும். இந்தியாவில் அந்தச் சலுகை இல்லை. கைக்கு வந்தது வெறும் பங்குதான் என்றாலும் அந்த ஆண்டே வரி கட்ட வேண்டும். தன் சிறு நிறுவனத்தைப் பெரிய நிறுவனத்துக்கு இப்படிக் கொடுப்பவர், கையெழுத்திடும் முன்பே வரிப் பணத்துக்கு வழி பார்த்திருக்க வேண்டும்.