விலகுவோர் கூறும் காரணங்கள்

பணியிலிருந்து விலகுவோரிடம் எடுக்கப்படும் நேர்காணல் குறிப்புகளை ஆண்டிறுதியில் தொகுக்கும்போது, ஊதியமே முதற்காரணமாகத் தோன்றக்கூடும். ஆயினும் புதிய பணியின் கவர்ச்சி வேறு. புறப்படத் தூண்டிய நிகழ்ச்சி வேறு. ஆகவே ஒவ்வொரு குறிப்பிலிருந்தும் கூறப்பட்ட காரணத்தையும், விலகும் எண்ணம் முதலில் எழுந்த சந்தர்ப்பத்தையும் தனித்தனியே பதிதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 560 பேர் கொண்ட ஒரு துறையில் ஓராண்டில் 40 பேர் விலகியதாகக் கொள்ளலாம். அவர்களுள் 24 பேர் ஊதியத்தைக் குறிப்பிடுகின்றனர். ஆனால் அந்த 24 பேரில் 15 பேருக்கு அவ்வெண்ணம் எழுந்தது, கல்வியாண்டின் நடுவே இடமாற்ற ஆணை வந்த பின்னரே.

இவ்வெண்ணிக்கை மட்டும் போதாது. பணியில் நீடிப்போரையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவ்வாறு இடமாற்றம் பெற்றோர் மொத்தம் 60 பேர் எனில், அவர்களுள் விலகியோர் நூற்றுக்கு 25. ஏனைய 500 பேரிலோ விலகியோர் 25 பேர். அதாவது நூற்றுக்கு 5 மட்டுமே. ஊதிய விகிதத்தைத் துறை தானாக மாற்ற இயலாது. இடமாற்ற ஆணையின் காலத்தை மாற்ற இயலும்.

‘சொந்தக் காரணம்’ என்ற பதிலே குறிப்புகளில் மிகுந்திருப்பின், நேர்காணலை நடத்தியவர் நேரடி மேலதிகாரியா என்பதை முதலில் பார்த்தல் நலம். அவர் முன்னிலையில் மனம் திறந்து பேசுவோர் சிலரே.