ஐம்பதும் இருபதும் சேர்ந்தால் அறுபது

ஆடி மாதத்தில் ஜவுளிக்கடை வாசலில் ‘50% + 20% தள்ளுபடி’ என்று பலகை தொங்கினால், அது 70 சதவீதத் தள்ளுபடி அல்ல, 60 சதவீதம்தான். இரண்டு எண்களுக்கு நடுவே கூட்டல் குறி இருந்தாலும் அங்கே நடப்பது கூட்டல் கணக்கு இல்லை. முதல் தள்ளுபடி, சீட்டில் அச்சிட்ட விலையில் கழிகிறது. இரண்டாவது தள்ளுபடி, அப்படிக் கழித்தபின் மீந்த விலையில் கழிகிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கழிப்பதைக் கணக்குப் புத்தகங்கள் அடுத்தடுத்த தள்ளுபடி என்கின்றன.

ஒரு சேலையின் விலை 4,000 ரூபாய் என்று கொள்வோம். முதலில் 50 சதவீதம் கழித்தால் 2,000 ரூபாய் மிஞ்சும். கூடுதலாகச் சொன்ன 20 சதவீதத்தை இந்த 2,000 ரூபாயில்தான் கணக்கிடுவார்கள். அது 400 ரூபாய். ஆக, வாங்குபவர் கட்ட வேண்டிய தொகை 1,600 ரூபாய். மொத்தம் குறைந்தது 2,400 ரூபாய். 4,000 ரூபாயில் அது 60 சதவீதம். ஒரேயடியாக 70 சதவீதம் கழித்திருந்தால் சேலை 1,200 ரூபாய்க்கு வந்திருக்கும். பத்து சதவீத வித்தியாசம் என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றும். ஆனால் 1,200 ரூபாயை எதிர்பார்த்தவர் 1,600 கட்டுகிறார் என்றால், எதிர்பார்த்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் கட்டுகிறார்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது

சதவீதம் தனியாக நிற்கும் எண் அல்ல. எதில் இத்தனை சதவீதம் என்பது தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு உண்டு. மேலே பார்த்த கணக்கில் 50 சதவீதம் என்பது 4,000 ரூபாயில் பாதி. 20 சதவீதம் என்பதோ 2,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு. அடிப்படைத் தொகை பாதியாகிவிட்டதால், இரண்டாவது தள்ளுபடியின் பலனும் பாதியாகிவிட்டது. பழைய விலையோடு ஒப்பிட்டால் அந்த 20 சதவீதத்தின் மதிப்பு 10 சதவீதம் மட்டுமே. 50-உடன் 10 சேர, 60.

இதைக் கணக்கிடச் சுலபமான வழி, கழியும் பங்கை விட்டுவிட்டு மிஞ்சும் பங்கைப் பார்ப்பது. 50 சதவீதம் கழிந்தால் 0.5 பங்கு மிஞ்சும். 20 சதவீதம் கழிந்தால் 0.8 பங்கு மிஞ்சும். இரண்டையும் பெருக்கினால் 0.4. அதாவது வாங்குபவர் கட்டுவது சீட்டு விலையில் 40 சதவீதம். தள்ளுபடி 60 சதவீதம். மூன்றாவதாக இன்னொரு 10 சதவீதம் வந்தால் 0.4-ஐ 0.9-ஆல் பெருக்க வேண்டும். 0.36 கிடைக்கும், மொத்தத் தள்ளுபடி 64 சதவீதம். எத்தனை தள்ளுபடிகள் அடுக்கினாலும் முறை இதுதான்.

பெருக்கலில் எந்த எண்ணை முதலில் எழுதினாலும் விடை மாறாது. எனவே 20 சதவீதத்தை முதலில் கழித்து, பிறகு 50 சதவீதம் கழித்தாலும் 4,000 ரூபாய் முதலில் 3,200 ஆகி, பிறகு அதே 1,600-இல் வந்து நிற்கும். பெரிய தள்ளுபடியை முதலில் கழித்தால் கடைக்கு லாபம், சிறியதை முதலில் கழித்தால் வாங்குபவருக்கு லாபம் என்று சிலர் நினைப்பதுண்டு. இரண்டும் சதவீதமாக இருக்கும்வரை அதில் உண்மையில்லை.

கூட்டிப் பார்ப்பது ஏன் பொருந்தாது என்பதை 60% + 50% என்ற பலகை தெளிவாகக் காட்டும். கூட்டினால் 110 சதவீதம். அப்படியானால் துணியையும் கொடுத்து, கையில் பணமும் கொடுத்துக் கடைக்காரர் அனுப்ப வேண்டும். மிஞ்சும் பங்குகளைப் பெருக்கினால் 0.4 × 0.5 = 0.2, வாங்குபவர் 20 சதவீத விலையைக் கட்ட வேண்டும். 50% + 50% என்றாலும் பொருள் இலவசமாகாது, கால்விலை கட்டியாக வேண்டும்.

மனக்கணக்குக்கு ஒரு வழி

கடையில் நின்றபடி தசம எண்களைப் பெருக்குவது சிரமம் என்றால், இரண்டு தள்ளுபடிக்கு வேறொரு வழி உண்டு. இரண்டு எண்களையும் கூட்டி, அவற்றின் பெருக்கலை 100-ஆல் வகுத்துக் கழித்துவிட வேண்டும். 50-உம் 20-உம் கூட்டினால் 70. இரண்டையும் பெருக்கினால் 1,000. அதை 100-ஆல் வகுத்தால் 10. 70-இல் 10 போக 60.

கழிக்கப்படும் அந்த 10 தான் ஒற்றைத் தள்ளுபடிக்கும் இரட்டைத் தள்ளுபடிக்கும் இடையிலான வித்தியாசம். இரண்டு எண்களும் சிறியவையாக இருந்தால் அதுவும் சிறியதாகவே இருக்கும். 10% + 5% என்பது 14.5 சதவீதம், கூட்டிச் சொன்ன 15-க்கும் அதற்கும் அரை சதவீதம்தான் இடைவெளி. 4,000 ரூபாய்ச் சேலையில் அது வெறும் 20 ரூபாய். எண்கள் பெரிதாகும்போதுதான் இடைவெளி கவனிக்க வேண்டிய அளவுக்கு வளர்கிறது.

கூட்டுத்தொகை ஒன்றாகவே இருந்தாலும், அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும். 70 என்ற கூட்டுத்தொகையையே எடுத்துக்கொண்டால், 4,000 ரூபாய்ச் சேலை 60% + 10% தள்ளுபடியில் 1,440 ரூபாய்க்கு வரும். 50% + 20% என்றால் 1,600 ரூபாய். 35% + 35% என்றால் 1,690 ரூபாய். இரண்டு பகுதிகளும் சமமாக நெருங்க நெருங்க வாங்குபவருக்குக் கிடைப்பது குறைகிறது. சரிபாதியாகப் பிரிப்பதே கடைக்கு மிகச் சாதகமான பிரிவு.

இதனால் இரண்டு கடைகளை ஒப்பிடும்போது பலகையில் உள்ள எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. ஒரு கடையில் 30% + 30%, பக்கத்துக் கடையில் ஒரே தள்ளுபடியாக 55% என்று வைத்துக்கொண்டால், கூட்டிப் பார்ப்பவர் 60 சதவீதம் என்று எண்ணி முதல் கடைக்குள் நுழைவார். அங்கே கிடைப்பது 51 சதவீதம்தான். 4,000 ரூபாய்ப் பொருளுக்கு அங்கே 1,960 ரூபாய் கட்ட வேண்டும். பக்கத்துக் கடையில் 1,800 ரூபாய் போதும்.

கூட்டத் தோன்றுவது ஏன்

இந்தப் பிழை படிக்காதவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. ஹைபெங் சென், அக்‌ஷய் ராவ் என்ற இரண்டு சந்தையியல் ஆய்வாளர்கள் இதைப் பற்றிய ஆய்வொன்றை 2007-இல் ‘ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்’ இதழில் வெளியிட்டார்கள். அடுத்தடுத்து வரும் சதவீதங்களை மக்கள் சாதாரண முழு எண்களைப் போலவே பாவித்துக் கூட்டிவிடுகிறார்கள் என்றும், அதன் விளைவு உண்மையான கடை விற்பனையிலும் தெரிகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். 20% + 25% என்பதும் 40% என்பதும் ஒரே விலையில்தான் முடியும். ஆனால் முதலாவது 45 போலக் கண்ணில் படுகிறது. கடைக்காரருக்கு ஒரு பைசாகூடக் கூடுதல் செலவில்லாமல் தள்ளுபடி பெரிதாகத் தெரிகிறது.

பலகையில் பொய் எதுவும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் 50, பிறகு 20 கழிக்கப்படுவது உண்மையே. கடை உண்மையிலேயே 70 சதவீதம் குறைக்க விரும்பினால், 50-க்குப் பின் வரும் இரண்டாவது தள்ளுபடி 40 சதவீதமாக இருக்க வேண்டும். 2,000 ரூபாயில் 40 சதவீதம் 800 ரூபாய் கழிந்தால்தான் விலை 1,200-க்கு இறங்கும்.

வரிசை முக்கியமாகும் இடங்கள்

இரண்டு தள்ளுபடிகளில் ஒன்று சதவீதமாக இல்லாமல் ரூபாயாக இருந்தால், எதை முதலில் கழிப்பது என்பது விலையை மாற்றும். 4,000 ரூபாய்ப் பொருளுக்கு 20 சதவீதத் தள்ளுபடியும் 500 ரூபாய்க் கூப்பனும் இருப்பதாகக் கொள்வோம். சதவீதத்தை முதலில் கழித்தால் 3,200. கூப்பனும் போக 2,700 ரூபாய். கூப்பனை முதலில் கழித்தால் 3,500. அதில் 20 சதவீதம் போக 2,800 ரூபாய். இடையில் உள்ள 100 ரூபாய், கூப்பன் தொகையான 500-இல் 20 சதவீதம். சதவீதம் முதலிலும் ரூபாய் பிறகும் கழிவதே வாங்குபவருக்கு நல்லது.

வங்கி அட்டைகளுக்கான சலுகைகளில் உச்சவரம்பும் குறைந்தபட்சக் கொள்முதல் தொகையும் இருப்பது வழக்கம். ‘10 சதவீதம், அதிகபட்சம் 150 ரூபாய்’ என்றால், 1,600 ரூபாய் பில்லுக்கு 160 அல்ல, 150 ரூபாய்தான் கழியும். 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் சலுகை என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தால், கடைத் தள்ளுபடி போக 1,600-க்கு இறங்கிய பில்லுக்கு அட்டைச் சலுகையே கிடைக்காமல் போகலாம். 4,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்தோமே என்ற வாதம் அங்கே பெரும்பாலும் எடுபடாது.

தள்ளுபடிக்குப் பின் சேர்க்கப்படும் வரியும் இதே கணக்கில் அடங்கும். 40 சதவீதம் கழித்து, அதன்மேல் 5 சதவீத வரி போட்டால் 0.6 × 1.05 = 0.63, உண்மையான தள்ளுபடி 37 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆனால் எம்.ஆர்.பி. என்று அச்சிட்ட விலையில் எல்லா வரிகளும் ஏற்கெனவே அடங்கியுள்ளன. அந்த விலையில் தள்ளுபடி அறிவித்துவிட்டு, மேற்கொண்டு வரி வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இல், ‘வாட்’ வரி நடப்பில் இருந்தபோதே, தீர்ப்பளித்திருக்கிறது.

பில் கைக்கு வந்ததும் சரிபார்க்க ஒரு வகுத்தல் போதும். கட்டிய தொகையை எம்.ஆர்.பி.யால் வகுத்தால் மிஞ்சிய பங்கு தெரியும். 1,600-ஐ 4,000-ஆல் வகுத்தால் 0.4, 50% + 20% என்ற அறிவிப்போடு அது பொருந்துகிறது. விடை 0.4-ஐவிடக் கூடுதலாக இருந்தால், இரண்டாவது தள்ளுபடி அந்தப் பொருளுக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம், அல்லது வரி தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். 0.5 என்று வந்தால் முதல் தள்ளுபடி மட்டுமே கழிந்திருக்கிறது; 0.42 என்று வந்தால் இரண்டும் கழிந்தபின் 5 சதவீத வரி ஏறியிருக்கிறது. பல பொருள்கள் உள்ள பில்லில், மொத்தத்தை வகுக்காமல் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வகுத்துப் பார்த்தால் தவறு எந்த வரியில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.