அரிஷ்டம் டானிக்தானே... அதில் எங்கே ஆல்கஹால்?

தசமூலாரிஷ்டம் பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். தானாக உருவான ஆல்கஹால் இருப்பதாகப் போட்டிருக்கும். யாரும் சாராயம் கலப்பதில்லை. மூலிகைக் கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் சேர்த்து வாரக்கணக்கில் மூடி வைக்கிறார்கள். இனிப்பு நொதித்து ஆல்கஹாலாகிறது. பொதுவாக 5 முதல் 10 சதவிகிதம். பீருக்குக் குறைவில்லை!

வித்தியாசம் குடிக்கும் அளவில்தான். 10 சதவிகித அரிஷ்டம் 30 மில்லி குடித்தால், உள்ளே போவது 3 மில்லி ஆல்கஹால். வாகன ஓட்டிகளுக்கான சட்ட வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரு வேளை மருந்து அந்த அளவைத் தொடாது. ஆனால், குடித்த கையோடு கிளம்பி போலீஸ் கருவியில் ஊதினால், வாயில் தங்கிய ஆல்கஹாலே அளவைக் கூட்டிக் காட்டும். கால் மணி நேரத்தில் அது இறங்கிவிடும். 'டானிக்தானே' என்று அரை பாட்டிலைக் கவிழ்ப்பவர் கதை வேறு. அவர் நிஜமாகவே வரம்பைத் தாண்டலாம்.

கர்ப்பிணிகளுக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது. தசமூலாரிஷ்டம் பிரசவத்துக்குப் பிறகு கொடுத்து வந்த மருந்து. அதைச் சிலர் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அதிக ஆபத்து, குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மாத்திரை போடுபவருக்கு. அந்த 3 மில்லியே முகத்தைச் சிவக்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்து, வாந்தியைக் கொண்டுவரலாம். ரத்த அழுத்தமும் சரியலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இப்படி நடக்கும். வீட்டில் அக்கறையாகக் கொடுத்த டானிக்கை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

தசமூலம் கஷாய சூரணமாகவும் கிடைக்கிறது. மருத்துவரைக் கேட்டு, வீட்டில் கொதிக்கவைத்து அன்றே குடித்தால், நொதிக்க நேரமில்லை.