மெமோவுக்குப் பதில்: எதை ஒப்புக்கொள்வது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். கணக்குப் பிரிவு உதவியாளர் ஒருவரின் மேசைக்கு மெமோ வருகிறது: “ஜூன் மாத GSTR-3B கணக்கை ஜூலை 20-க்குள் தாக்கல் செய்யாமல் 23-ஆம் தேதி தாக்கல் செய்துள்ளீர். இந்த அலட்சியத்துக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.” இது கற்பனைதான். ஆனால் இப்படியான மெமோக்கள் இதே நடையில்தான் வரும்.

இந்த மெமோவில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்று நாள் தாமதம் என்பது நடந்த சம்பவம். ‘அலட்சியம்’ என்பது குற்றச்சாட்டு. பதற்றத்தில் பலர் இரண்டையும் சேர்த்தே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். “தெரியாமல் நடந்துவிட்டது, கருணை கூர்ந்து மன்னிக்கவும்” என்று எழுதினால், நாளை விசாரணை வரும்போது அது ஒப்புதல் வாக்குமூலமாகவே படிக்கப்படும். பணிவு வேறு, இது வேறு.

முதலில் தேதிகளைத் தேடி எடுக்க வேண்டும். கிளையின் கொள்முதல் பில்கள் 12-ஆம் தேதி வந்திருக்க வேண்டும். வந்தது 19-ஆம் தேதி மாலை. 17-ஆம் தேதியே மேலாளருக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. பதிலை இப்படி எழுதலாம்:

“ஐயா, GSTR-3B மூன்று நாள் தாமதமாகத் தாக்கலானது உண்மை. கிளையின் பில்கள் 19-ஆம் தேதி மாலை 6.40-க்குக் கிடைத்தன. அவை வரவில்லை என்பதை 17-ஆம் தேதி மின்னஞ்சலில் தெரிவித்தேன், நகல் இணைத்துள்ளேன். பில்களைச் சரிபார்த்து 23-ஆம் தேதி தாக்கல் செய்தேன். தாமதக் கட்டணம் 150 ரூபாய், வட்டி 592 ரூபாய். 20-ஆம் தேதிக்குள் முடியாது என்பதைத் தங்களிடம் நேரில் சொல்லாதது என் தவறு, அதற்கு வருந்துகிறேன். அலட்சியம் என்ற குற்றச்சாட்டை மரியாதையுடன் மறுக்கிறேன். இனி 15-ஆம் தேதிக்குள் பில்கள் வராவிட்டால் அன்றே எழுத்தில் தெரிவிப்பேன்.”

கிளை மேலாளரைப் பற்றி இதில் ஒரு வார்த்தை இல்லை. பில் எப்போது வந்தது என்பது மட்டும்தான் இருக்கிறது. யார் மேல் தவறு என்பதைப் படிப்பவரே கண்டுகொள்வார். இழப்பையும் தானே சொல்லிவிடுகிறார். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். ரொக்கமாகக் கட்டிய 4 லட்ச ரூபாய் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இந்தத் தொகை எழுத்தில் இருந்தால், ‘பெருத்த நஷ்டம்’ என்று பிறகு யாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. வருத்தமும் மொத்தத் தாமதத்துக்கு அல்ல, தன் பங்குக்கு மட்டும். இந்தப் பதிலின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. தவறே இல்லை என்று சாதிப்பவரின் மற்ற தேதிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மின்னஞ்சல் போன்ற ஆதாரம் இல்லாவிட்டால் இருப்பதாக எழுதக்கூடாது. அவகாசம் போதாவிட்டால், கெடு முடியும் முன்பே எழுத்தில் கூடுதல் நாள் கேளுங்கள். பதிலே தராவிட்டால், விளக்கம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு நிர்வாகம் மேலே போகலாம். பதிலைக் கொடுக்கும்போது இரண்டு பிரதிகள் எடுத்துப் போய், ஒன்றில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.